ஒரே அறை, ஒரே ஏசி, நான்கு பேர்: குளிர், யன்னல், வெளிச்சத் தகராறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு கட்டடத்தில் அலுவலக நிர்வாக வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு ஒன்றுதான்: சின்ன அறையில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள், ஏசியை எத்தனையில் வைப்பது, யன்னலைத் திறப்பதா மூடுவதா, விளக்கைப் போடுவதா அணைப்பதா என்பதில் ஒத்துப்போகவில்லை. "அவர் வேண்டுமென்றுதான் செய்கிறார்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் அறைக்குப் போய்ப் பார்த்தால், அநேகமாக ஒரு மேசையில் மட்டும் காற்றோ வெயிலோ பிசகியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஆளை விசாரிக்கும் முன் அறையைப் பரிசோதிக்க வேண்டும்.

அதற்கு வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் காட்டும் இரண்டு சிறிய டிஜிட்டல் வெப்பமானிகளும் ஒரு கொப்பியும் போதும். வெப்பமானிகளைக் கணினியின் சூட்டுக் காற்றும் நேர் வெயிலும் படாதபடி, மேசை உயரத்தில் வைக்க வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குக் காலை 10 மணி, பகல் 1 மணி, பிற்பகல் 3.30 மணி ஆகிய வேளைகளில் ஒவ்வொரு மேசையிலும் உள்ள அளவையும், அந்நேரம் ரிமோட்டில் இருந்த எண்ணையும், யன்னலும் திரையும் இருந்த நிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாட்களில் எதையும் திருத்தப் போக வேண்டாம்.

## அறிகுறி 1: ஒருவருக்கு விறைக்கிறது, மற்றவருக்கு வியர்க்கிறது

முதலில் கொப்பியைப் பாருங்கள். ஒரே வேளையில் மிகக் குளிரான மேசைக்கும் மிகச் சூடான மேசைக்கும் இடையில் 3 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிமோட்டில் எந்த எண்ணை வைத்தாலும் ஒருவர் கஷ்டப்படத்தான் போகிறார். அந்த வித்தியாசத்தைக் குறைக்கும் வரை எண்ணைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கீழே உள்ள காரணங்களை எழுதிய ஒழுங்கிலேயே பாருங்கள். முதல் இரண்டுக்கும் செலவே இல்லை.

### காற்று நேராக ஆளின் மேல் விழுகிறதா?

சுவரில் இருக்கும் பெட்டியின் வாயிலில் உள்ள தகடு கீழே பார்த்துக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவரின் கழுத்திலும் தோளிலும் குளிர்காற்று நாள் முழுதும் விழும். ஒரு மெல்லிய ரிசுக் கடதாசித் துண்டை அவருடைய கதிரைக்கு மேலே, தலை உயரத்தில் பிடித்துப் பாருங்கள். அது விடாமல் ஆடினால் காரணம் இதுதான். தகட்டைக் கூரையை ஒட்டிக் காற்று போகும்படி மேலே திருப்பி, அந்த நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். குளிர்காற்று பாரமானது என்பதால் அது எதிர்ச் சுவர் வரை போய் மெல்ல இறங்கும். தகட்டுக்குப் பின்னால் இடமும் வலமுமாகத் திரும்பும் சிறு இதழ்களும் இருக்கின்றன. பல வகைகளில் இவற்றை ரிமோட்டால் அசைக்க முடியாது. ஏசியை நிறுத்திவிட்டுக் கையால் திருப்பலாம் என்பதையே பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

### பில்டர் எப்போது கழுவப்பட்டது?

முன் மூடியைத் தூக்கினால் இரண்டு வலைத் தகடுகள் இருக்கும். அவற்றை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். காலி வீதித் தூசு உள்ள இடத்தில் மாதம் ஒருமுறை கழுவினாலும் அவை சாம்பல் நிறத்தில்தான் வெளியே வரும். அடைத்துக்கொண்ட பில்டர் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடுவதால், பெட்டிக்குக் கிட்ட இருப்பவருக்கு மட்டும் குளிர் கிடைக்கும். தூரத்து மேசைக்கு அது போய்ச் சேராது. குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள்.

### வெயில் யாருடைய மேசைக்கு வருகிறது?

கடல் பக்கத்து யன்னல் என்றால் அது மேற்குப் பார்த்த யன்னல். பகல் 2 மணிக்குப் பிறகு அதில் விழத் தொடங்கும் வெயில் மாலையாக ஆகத் தாழ்ந்து உள்ளே வரும். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்க முடியாத சூடு இருந்தால், அங்கே இருப்பவர் ரிமோட்டைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. வெள்ளை நிறத் திரையைப் பகல் 1 மணிக்கே, கண்ணாடி சூடாகுமுன் இறக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் படலம் ஒட்டலாம். கட்டடம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

### மேசைகளை மாற்றலாமா?

இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். மேசை என்பது ஆட்களுக்கு ஒரு மரியாதையும்கூட. ஆனாலும் எப்போதும் குளிரும் ஒருவர் பெட்டிக்கு நேரே இருந்து, எப்போதும் வியர்க்கும் ஒருவர் யன்னலோரம் இருந்தால், இருவரும் இடம் மாறுவதைவிடச் சுலபமான பரிகாரம் கிடையாது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, இரண்டு கிழமைக்கு மட்டும் என்று சொல்லி மாற்றிப் பாருங்கள். ஏன் குளிர்கிறது, உடம்புக்கு என்ன என்று கேட்கக் கூடாது. விரதம், மருந்து, வயது என்று பல காரணங்கள் இருக்கலாம். "இந்த இடத்தில் உங்களுக்கு வசதியில்லையா?" என்று கேட்டால் போதும்.

### இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா?

ஏசியை `COOL` நிலையில், மிகக் குறைந்த எண்ணில், காற்று வேகத்தைக் கூட்டி 15 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பெட்டியின் மேற்பக்கத்தில் காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்திலும், கீழே காற்று வெளிவரும் வாயிலிலும் வெப்பமானியைச் சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை வரை இருந்தால் நல்லது. பில்டர் சுத்தமாக இருந்தும் 6 பாகைக்குக் கீழே இருந்தால், அல்லது உள்ளே இருக்கும் செப்புக் குழாயில் பனிக்கட்டி பிடித்திருந்தால், ஏசியை நிறுத்திவிட்டுத் திருத்துபவரை அழையுங்கள். கேஸ் குறைந்திருப்பதாக அவர் சொன்னால், கசிவு எங்கே என்று பார்த்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, எங்கோ வெளியேறுகிறது. கசிவை விட்டுவிட்டு நிரப்பினால் அதே முறைப்பாடு சில மாதங்களில் திரும்ப வரும். கடலோரக் கட்டடங்களில் உப்புக்காற்றால் வெளிப்பெட்டியின் தகடுகள் அரித்துப்போவது சாதாரணம். அதையும் அவர் பார்க்க வேண்டும்.

### நடந்த ஒன்று

எங்கள் இரண்டாம் மாடியில் 10 அடிக்கு 14 அடி அறை ஒன்று இருக்கிறது. நான்கு மேசைகள், 12000 பிடியூ ஏசி ஒன்று. காசாளராக இருக்கும் அக்கா பெட்டிக்கு நேர் எதிரே இருந்தார். கணக்குப் பகுதித் தம்பி மேற்கு யன்னலோரம் இருந்தார். அக்கா தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு, ரசீது எழுதும் கையை இடைக்கிடை மடியில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். தம்பியின் சேட்டு முதுகில் ஒட்டியிருக்கும். ஒருநாள் நான் உள்ளே போனபோது அக்கா சொன்னார்:

"தம்பி, எனக்குக் கை விறைச்சுப் பேனை பிடிக்கேலாமல் கிடக்கு. ஒரு நாளைக்கு இதில வந்து இருந்து பாருமன்."

"அக்கா, நீங்களும் ஒருக்கா இங்கால வந்து இருந்து பாருங்கோவன். வெக்கையில எனக்குத் தலை இடிக்குது" என்றார் தம்பி.

பிற்பகல் 3.30க்கு எழுதிய அளவுகள் இவை: ரிமோட்டில் 20, அக்காவின் மேசையில் 21.5, கதவோரம் 23.5, தம்பியின் மேசையில் 27.5. இருவரும் சொன்னது உண்மை. ஆறு பாகை தள்ளித்தான் அவர்கள் இருந்தார்கள். பில்டரைக் கழற்றியபோது தூசு துணிபோல் உரிந்து வந்தது. அன்றைக்கே அதைக் கழுவித் தகட்டை மேலே திருப்பினோம். அடுத்த நாள் பகல் 1 மணிக்குத் திரையை இறக்கி, எண்ணை 25இல் வைத்தோம். 3.30க்கு அக்காவின் மேசையில் 24, கதவோரம் 24.5, தம்பியின் மேசையில் 26 இருந்தது. மிச்சம் இருந்த இரண்டு பாகைக்குத் தம்பியின் மேசையில், அவர் பக்கம் மட்டும் திருப்பி, ஒரு சிறிய மேசை மின்விசிறியை வைத்தோம். உடம்பில் காற்றுப் பட்டால் அதே வெப்பம் இரண்டு பாகை குறைந்ததுபோல் இருக்கும். விசிறி ஒருவருக்கு மட்டும் வீசும், ஏசி எல்லோருக்கும் சேர்த்து வீசும் என்பதால், எண்ணைக் கூடுதலாக வைத்து வெக்கைப்படுபவருக்கு விசிறி கொடுப்பதையே நான் எப்போதும் முதலில் செய்கிறேன். எண்ணைக் குறைத்துவிட்டுக் குளிர்படுபவரைக் கம்பளிச் சட்டை போடச் சொல்வது நியாயமாகவும் இல்லை. எழுதும் விரல்களுக்கு அது உதவுவதும் இல்லை.

## அறிகுறி 2: ஒரு நாளில் பலமுறை எண் மாறுகிறது, அல்லது ரிமோட் காணாமல் போகிறது

மேசைகளுக்கு இடையிலான வித்தியாசம் 3 பாகைக்குள் இருந்தும் எண் மாறிக்கொண்டே இருந்தால், பழக்கத்தில் உள்ள பிசகைப் பாருங்கள்.

வெயிலில் நடந்து வருபவர், பஸ்ஸில் நெரிபட்டு வருபவர், உள்ளே வந்ததும் 16ஐ அழுத்துவார். 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறார். பழைய வகை ஏசி 24க்கும் 16க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 வைத்தால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். இன்வேர்ட்டர் வகையில் தொடக்கத்தில் சிறிது வேகம் கூடலாம். ஆனால் அரைமணி கழித்து எண்ணைத் திரும்பக் கூட்ட ஒருவரும் நினைப்பதில்லை, மற்ற மூவரும் விறைக்கத் தொடங்குகிறார்கள். வந்தவர் பத்து நிமிடம் விசிறிக்கு முன் இருந்து ஆறட்டும். எண்ணைத் தொட வேண்டாம். காலையில் முதலில் வருபவர் எல்லோரும் வர 20 நிமிடம் இருக்கும்போதே ஏசியைப் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையின் பாதி போய்விடும்.

மழைக்காலத்துக்கு வேறு கவனம் வேண்டும். வெப்பமானி 25 காட்டியும் ஆட்கள் கசகசப்பாக இருக்கிறது என்றால் ஈரப்பதன் எண்ணைப் பாருங்கள். அது 65 வீதத்துக்கு மேல் இருந்தால் எண்ணைக் குறைக்காமல் `DRY` நிலைக்கு மாற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று மழை தொடரும் நாட்களில் இது நன்றாக உதவும். உச்ச வெயில் நாளில் உதவாது. அந்த நிலையில் குளிரூட்டும் வலு குறைவு.

ரிமோட்டைச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒட்டும் தாளில், இந்த அறையில் ஒத்துக்கொண்ட எண், திரையை இறக்கும் நேரம், மாற்றுமுன் கேட்க வேண்டும் என்பது, ஆகிய மூன்று விடயங்கள் மட்டும் இருக்கட்டும். சில ரிமோட்டுகளில் வெப்ப உணரி ரிமோட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் செயற்பாடு இயங்கும்போது ரிமோட்டை வெயில்படும் மேசையில் வைத்தால் ஏசி அந்த மேசைக்காகவே ஓடும், லாச்சிக்குள் வைத்தால் அறையோடு சம்பந்தமில்லாமல் ஓடும். ஒருவரும் எண்ணைத் தொடாமலே குளிர் ஏறி இறங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

## அறிகுறி 3: ஏசி ஓடும்போதே ஒருவர் யன்னலைத் திறக்கிறார்

இங்கே பெரும்பாலும் திறந்தவரைத்தான் பிழை சொல்கிறார்கள். ஏன் திறக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று விதமான பதில்கள் வரும், மூன்றுக்கும் பரிகாரம் வேறு.

### "குளிர் தாங்கேலாது"

அப்படியானால் இது யன்னல் பிரச்சினை அல்ல. அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

### "மூச்சு முட்டுது, தலை பாரமாக் கிடக்கு"

இவர் சொல்வதை நம்புங்கள். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. மேலே சொன்ன அளவு அறையில் நால்வர் கதவையும் யன்னலையும் மூடிக்கொண்டு இருந்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் காற்று தேங்கிப்போகும். வெளியே வராந்தாவில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்து மணந்து பாருங்கள். மூக்கில் ஒரு கனம் பட்டால் காற்றுப் போதவில்லை. பிற்பகல் கொட்டாவிகளுக்கு மதியச் சோறு மட்டும் காரணம் அல்ல.

யன்னலை நாள் முழுதும் ஒரு சாண் திறந்து வைப்பதைவிட, குறித்த நேரத்தில் முழுதாகத் திறந்து மூடுவது நல்லது. காலை 10.30 தேநீருக்கும், மதியச் சாப்பாட்டுக்கும், பிற்பகல் 3.30 தேநீருக்கும் எல்லோரும் எழும்போது ஏசியை நிறுத்தி, யன்னலையும் கதவையும் ஒருசேர அகலத் திறந்து, 10 நிமிடம் விட்டு மூடுங்கள். சுவரும் தளபாடமும் குளிராகவே இருப்பதால் அறை விரைவாகத் திரும்பக் குளிர்ந்துவிடும். நிறுத்திய ஏசியை உடனே போட்டால் வெளிப்பெட்டி ஏறக்குறைய மூன்று நிமிடம் பொறுத்துத்தான் இயங்கும். அதைப் பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். மாலையில் நுளம்பு வரும் இடமானால் யன்னலுக்கு வலை போட்ட பிறகே இந்த ஏற்பாட்டைத் தொடங்குங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகல் வெளிச்சத்தில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும்.

தேநீர் வேளை திறப்பு இரண்டு கிழமை ஒழுங்காக நடந்தும் தலைப்பாரம் போகவில்லை என்றால், சுவரில் ஒரு சிறிய காற்று வெளியேற்றி விசிறி பொருத்த வேண்டிவரும். அது மின்வேலை தெரிந்தவரின் வேலை; சுவரைத் துளைக்கக் கட்டட உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

### "ஏசி மணக்குது"

பில்டர் கழுவியும் ஈரத்துணி மணம் போகாவிட்டால், உள்ளே குளிர்ச் சுருளிலும் தண்ணீர் வடியும் தட்டிலும் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இதை நீங்களே துடைக்கப் போகாமல், முழுச் சேர்விஸுக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

யன்னல் திறந்தபடி ஏசி ஓடியதற்கு அடையாளம் ஒன்று உண்டு. காற்று வாயிலின் தகட்டில் வியர்வைபோல் நீர்த்துளிகள் நிற்கும். பிறகு கீழே இருக்கும் கோவைகளில் சொட்டும். கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டால் அப்படித்தான் ஆகும். யன்னலை மூடி ஒரு மணித்தியாலத்தில் அது நின்றுவிட்டால் பழுதில்லை. மூடிய பிறகும் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். வெளியே அந்தக் குழாயின் நுனியில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் திருத்துபவரை அழையுங்கள்.

## அறிகுறி 4: ஒருவர் விளக்கைப் போட, மற்றவர் அணைக்கிறார்

அணைப்பவரின் கதிரையில் இருந்து, கணினித் திரையை நிறுத்திக் கறுப்பாக்கிப் பாருங்கள். அதில் டியூப் லைட்டோ யன்னலோ தெளிவாகத் தெரிந்தால், அவர் நாள் முழுதும் அந்தப் பிரதிபலிப்புக்கு ஊடாகத்தான் வாசிக்கிறார். பிறகு ஒரு கோவையைத் தொப்பி விளிம்புபோல் நெற்றிக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள். உடனே கண்ணுக்கு இதமாக இருந்தால் மேலிருந்து கூசுகிறது. இரண்டுக்கும் பரிகாரம் திரையைத் திருப்புவதுதான்: யன்னல் முன்னாலும் பின்னாலும் வராமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும், டியூப் லைட் தலைக்கு நேர் முன்னே தொங்கக் கூடாது.

போடுபவர் அநேகமாகக் கடதாசியில் வேலை செய்பவர். ரசீதும் பதிவேடும் பார்ப்பதற்கு மேசையில் 500 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கைபேசியில் உள்ள அளவிடும் செயலி திருத்தமானது அல்ல என்றாலும், இரண்டு மேசைகளை ஒப்பிட அது போதும். அவருக்கு ஒரு மேசை விளக்கைக் கொடுத்து, கூரை விளக்குகளில் மற்றவரைக் கூசவைப்பதை மட்டும் அணைத்துவிடலாம். இரண்டு விளக்குகளும் ஒரே சுவிட்சில் இருந்தால் பிரித்துப் போட மின்வேலையாளரை அழையுங்கள். இது சின்ன வேலை, ஆனால் ஏறி நின்று நீங்களே கை வைக்கும் வேலை அல்ல.

பழைய டியூப்பின் நுனிகள் கறுத்திருந்தால் அல்லது அது மினுங்கினால் மாற்றிவிடுங்கள். தலையிடிக்கு அதுவே போதும்.

## அறிகுறி 5: அறையில் எல்லாம் சரி, சண்டை மட்டும் தொடர்கிறது

அளவுகள் 3 பாகைக்குள் இருக்கின்றன, விசிறி கொடுத்தாயிற்று, காற்றும் வெளிச்சமும் பார்த்தாயிற்று, இருந்தும் ஒருவர் ஒத்துக்கொண்ட எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்றால், முதலில் அவரோடு மட்டும் தனியாகப் பேசுங்கள். மற்றவர்கள் முன்னிலையில் கேட்டால் அவர் தன் பக்கத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். வேலைப்பங்கீடு, பதவி உயர்வு என்று வேறொரு மனத்தாங்கல் ஏசி வழியாக வெளிவருவதை இரண்டு மூன்று தடவை கண்டிருக்கிறேன். அப்படியானால் அது பிரிவுத் தலைவரின் கைக்குப் போக வேண்டிய விடயம்.

அவரிடம் போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள். எந்தத் திகதியில் எந்த மேசையில் எத்தனை பாகை, என்ன திருத்தினோம், அதற்குப் பிறகு எத்தனை பாகை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். யார் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். மருத்துவர் கடிதம் உள்ள ஒருவர் இருந்தால் அவருடைய வேண்டுகோளை அறை முழுவதின் இணக்கத்துக்கு விடாமல், நேரே மனிதவளப் பிரிவுக்குக் கொண்டுபோய், வேறு அறையில் இடம் கேளுங்கள். எங்கள் காசாளர் அக்காவும் பிறகு அப்படித்தான் கீழ்மாடிக்குப் போனார். அவருடைய பழைய இடத்துக்குப் புதிதாக வந்தவர் முதல் நாளே தகட்டைக் கீழே திருப்பிவிட்டார். அந்தக் கிழமையே கொப்பியைத் திரும்ப எடுத்தேன்.